புத்தகம் பார்த்து எழுதும் தேர்வே வேண்டும்: ஆதரவு அணி, இரண்டாம் பேச்சாளர் (2 நிமிடம்)

(0:00) நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தேர்வு அளக்க வேண்டியது நினைவை அல்ல, தெரிந்ததைப் பயன்படுத்தும் திறனை. எங்கள் வாதம் இதுதான்.

(0:15) 1935இல் போயிங் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் விழுந்தது. ஓட்டியவர் அனுபவசாலி. கட்டுப்பாட்டுப் பூட்டை விடுவிக்க மறந்தார், அவ்வளவுதான். அதன்பின் விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. பார்த்துச் செய்வதைத் திறமைக்குறைவு என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

(0:45) எதிரணி நண்பர் கேட்டார்: "அறுவை அரங்கில் மருத்துவர் புத்தகம் புரட்டுவாரா?" நல்ல கேள்வி. புத்தகம் இல்லை, பட்டியல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டதில் 19 அம்சங்கள். நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை என்பதைக்கூட வாய்விட்டு உறுதிசெய்யச் சொல்கிறது. கைப்பழக்கமாக வேண்டியவை உண்டு, ஒப்புக்கொள்கிறோம். அவற்றைச் செய்முறைத் தேர்வு சோதிக்கட்டும்.

(1:20) "புத்தகம் இருந்தால் படிக்கவே மாட்டார்கள்" என்றார் இன்னொருவர். கணக்குப் போடுவோம். மூன்று மணி நேரம், ஐந்து கேள்விகள்: ஒன்றுக்கு 36 நிமிடம். படிக்காதவருக்குப் பக்கத்தைத் தேடவே பாதி நேரம் போய்விடும்.

(1:30 முதல் மணி. நிறுத்தாமல் தொடர்க.)

"வரையறு", "பட்டியலிடு" என்று கேட்டால் பார்த்து எழுதத்தான் செய்வார்கள். அது வினாத்தாளின் குறை. "இந்த மின்சுற்று ஏன் சூடாகிறது, எதை மாற்றுவாய்?" என்று கேளுங்கள்.

(1:50) எதிரணிக்கு ஒரே கேள்வி: விடை அப்படியே புத்தகத்தில் கிடைக்கும் கேள்வியை எதற்காகக் கேட்கிறீர்கள்?