மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்ஐபி: தொடங்கும் முன் மூன்று நிமிடம்

வணக்கம். கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். தனியார் பள்ளியிலோ ஜவுளிக்கடையிலோ வேலைக்குச் சேர்ந்து, முதன்முறையாகச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயை ஒதுக்க நினைக்கும் டெல்டா மாவட்ட நண்பர்களுக்கான காணொளி இது. நான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் அல்லன். ஆகவே எந்தத் திட்டத்தையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன்.

சீட்டுக் கட்டியும், அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டும் பழகிய நம்மில் பலர், எஸ்ஐபியையும் அவற்றில் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். மாதாமாதம் கட்டுவதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. ஆர்.டி.யில் வட்டி முன்பே தெரியும். பங்குத் திட்ட எஸ்ஐபியிலோ, உங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் பணத்துக்கு, பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டின் யூனிட்டுகள் வாங்கப்படுகின்றன, அந்த யூனிட்டின் விலையான என்ஏவி சந்தையோடு ஏறி இறங்குகிறது.

முதல் மாதம் யூனிட் விலை 50 ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு 20 யூனிட்டுகள் கிடைக்கும். அடுத்த மாதம் விலை 40 ஆகக் குறைந்தால் 25 கிடைக்கும். விலை குறையும்போது கூடுதல் யூனிட் கிடைக்கிறது என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்லும். ஆனால் நீங்கள் கட்டியது 2,000 ரூபாய். கையில் உள்ள 45 யூனிட்டுகளின் அன்றைய மதிப்பு 1,800 ரூபாய்தான். தவணையாகக் கட்டுவதால் நட்டம் வராது என்பது உண்மையன்று.

2020 ஜனவரியில் உச்சத்தில் இருந்த, 50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீடு, மார்ச் 23-க்குள் ஏறத்தாழ 38 விழுக்காடு சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது உண்மைதான். ஆயினும் ஏப்ரலில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக யூனிட்டுகளை விற்க நேர்ந்தவருக்கு அந்த மீட்சியால் பயன் இல்லை. ஒவ்வொரு முறையும் அத்தனை விரைவாக மீளும் என்ற உறுதியும் கிடையாது; ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படாத ஆண்டுகளைக் கண்ட நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வங்கி வைப்புக்கு உள்ள ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடும் எஸ்ஐபிக்கு இல்லை.

ஆகவே நகைக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். மூன்று நான்கு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேர்ந்த பிறகு, குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் இதில் போடுங்கள். ஏழு என்பது என் கணக்கு, சட்டம் அன்று.

திட்ட ஆவணத்தில் ரிஸ்கோமீட்டர் என்றொரு படம் இருக்கும். பங்குத் திட்டங்களில் பெரும்பாலானவற்றில் அதன் முள் கடைசிப் படியான 'மிக அதிக ஆபத்து' என்பதையே காட்டும். முகவர் வழியாக அல்லாமல் நேரடித் திட்டத்தில் சேர்ந்தால் கமிஷன் கழிக்கப்படாது. தவணை நாளைச் சம்பளம் வரும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வையுங்கள்; கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கக்கூடும்.