உணவுச் சோதனைகளும் சரிவிகித உணவும்: 7ஆம் வகுப்புப் பயிற்சித்தாள்

ஆய்வகத்தில் நேற்று பார்த்ததை நினைவில் கொண்டு பொருத்துக.

1. அயோடின் கரைசல் விட்ட சோறு கருநீலமாதல் – அ. புரதம்
2. சோடியம் ஹைட்ராக்சைடு, காப்பர் சல்பேட் சேர்த்த முட்டை வெண்கரு ஊதாவாதல் – ஆ. வைட்டமின் சி
3. நிலக்கடலை தேய்த்த தாளில் ஒளி கசியும் கறை – இ. ஸ்டார்ச்
4. நெல்லிச்சாறு விட்டதும் டிசிபிஐபி கரைசலின் நீலம் மறைதல் – ஈ. கொழுப்பு

ஸ்கர்வி, குவாஷியோர்கர் ஆகியவை இவற்றில் எந்தச் சத்துகள் குறைவதால் வருகின்றன?

கவனம்: அயோடின் கரைசல் காட்டுவது ஸ்டார்ச்சை. முன்கழுத்துக் கழலை வருவது உணவில் அயோடின் குறைவதால். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா.

5. ஒரு மாணவி காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, இரவு ரவை உப்புமா மட்டும் சாப்பிடுகிறாள். எவை சேர்க்க வேண்டும்? காரணம் எழுதுக.
6. மாலைக்கண் நோயைத் தடுக்க முருங்கைக்கீரை எப்படி உதவும்?