பாப்பாவுக்குப் பேர் வைக்கிற செலவுக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நீயும் கவிதாவும் கேட்டபடி கணக்குப் போட்டிருக்கிறேன். மூத்தவனுக்கு மண்டபம் பிடித்துப் பேர் வைத்து, அந்தக் கடனை ஒன்றரை வருஷம் அடைத்தாய். அன்றைக்கு 38 பேர் சாப்பாடு மிஞ்சி, ராத்திரி பத்து மணிக்கு அண்டாவோடு ஆட்டோவில் ஏற்றி ஒவ்வொரு வீடாகக் கொடுத்தோம். பாப்பாவுக்கு அப்படி வேண்டாம், திண்டுக்கல்லில் நம் வீட்டிலேயே, கையில் இருக்கிற 45,000 ரூபாய்க்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னது எனக்கு ரொம்பச் சந்தோஷம். முடியும். இலை எத்தனை என்பதை மட்டும் முதலில் உறுதி பண்ணிவிட வேண்டும்.

அம்மாவை உட்கார வைத்துப் பேர் பேராக எழுதினேன். நம் பக்கம் பெரியவர்கள் 31, கவிதா பக்கம் 22, தெருவில் 9. ஆக 62. சின்னப் பிள்ளைகள் 10 பேர், இரண்டு பிள்ளைக்கு ஒரு இலை என்று 5. ஐயர், சமையல்காரர், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், பந்தல் போடுகிறவர் என 5. மொத்தம் 72. நான் 75 என்று வைத்திருக்கிறேன். ஆபீஸில் யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால் இப்போதே சொல். "வந்தா வரட்டும்" என்று போகிற போக்கில் கூப்பிட்டுவிடாதே, அந்த ஒரு வார்த்தையில்தான் போன தடவை கணக்கு உடைந்தது.

இனி சாப்பாடு. கேட்டரிங்காரரிடம் விசாரித்தேன். இலைக்கு 190 ரூபாய், ஆனால் குறைந்தது 100 இலைக்குப் பணம் கட்டியாக வேண்டும். 19,000. காலையில் வந்து இறங்குகிற 20 பேருக்கு டிபன் தனியாக 70 ரூபாய் வீதம் 1,400. ஆக 20,400, அதில் 25 இலை யாருக்கும் இல்லாத இலை.

ஆள் வைத்துச் சமைத்தால் இப்படி வருகிறது. ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்குக் காணும், அதனால் மதியத்துக்கும் காலைப் பொங்கலுக்கும் சேர்த்து 10 கிலோ, 640 ரூபாய். துவரம்பருப்பு 3 கிலோ 450, வடைக்கு உளுந்து 2½ கிலோ 350, பாயசத்துக்கும் பொங்கலுக்கும் பாசிப்பருப்பு 1½ கிலோ 195, வெல்லம் 2½ கிலோ 175. எண்ணெய் 6 லிட்டர் 1,020. நெய் ஒரு கிலோ 700, முந்திரி திராட்சை 500. புளி, மிளகாய், மசாலா, அப்பளம், காப்பித்தூள், சர்க்கரை எல்லாம் சேர்த்து 1,500. பால் 10 லிட்டர் 560, தயிர் 6 லிட்டர் 420, தேங்காய் 12க்கு 420. காய்கறி 20 கிலோ 1,000. தலைவாழை இலை 85, ஒன்று 6 ரூபாய் என்று 510. பத்து இலை கூடுதலாக வாங்குவது கிழிசலுக்கு. இதுவரை 8,440.

சமையல்காரருக்கும் கூட வருகிற இரண்டு பேருக்கும் 6,500 பேசியிருக்கிறேன். அண்டா, கரண்டி, அடுப்பு, சிலிண்டர் வாடகை 1,800. தண்ணீர் கேன் ஆறு, 210. சாப்பாட்டுக்கு மொத்தம் 16,950. கேட்டரிங்கைவிட 3,450 ரூபாய் குறைவு. பரிமாற நம் வீட்டுப் பையன்கள் நாலு பேர் போதும். ஒன்று மட்டும் நினைவில் வை: ஆள் எண்ணிக்கை 90ஐத் தாண்டினால் இந்த லாபம் கரைந்துவிடும். சாமானும் ஏறும், இன்னொரு கையாளும் வேண்டும். அப்போது கேட்டரிங்கிலேயே விட்டுவிடு.

காய்கறிக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போனால் பாதி விலைக்கு வாங்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார். மூட்டை மூட்டையாக வாங்கினால் சரி. இருபது கிலோவுக்கு அவ்வளவு தூரம் போய்வந்தால் மிச்சமெல்லாம் பெட்ரோலுக்குத்தான். முதல் நாள் சாயங்காலம் இங்கேயே வாங்கிக்கொள்வோம்.

அடுப்பைப் பின்கட்டில் வைக்க வேண்டாம். கவிதா படுக்கிற அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. புகையும் தாளிப்பு நெடியும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர்கள் காலி இடத்தைக் கேட்டேன், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

துணிமணிக்கு வருகிறேன். பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எடுப்போம், 900. ஆனால் கடையில் அதைப் புரட்டிப் பார்த்தேன், உள்பக்கம் ஜரிகை நூல் முள் மாதிரி குத்துகிறது. ஒரு மாதக் குழந்தைத் தோலில் அரை மணி நேரம் உரசினால் சிவந்துவிடும். அதனால் மெல்லிசான பருத்திச் சட்டை இரண்டு, 700. அதைப் போட்டு மேலே பாவாடையைக் கட்டி, போட்டோ எடுத்ததும் கழற்றிவிடலாம். கவிதாவுக்குப் புடவை 1,850. ரவிக்கை முன்பக்கம் கொக்கி வைத்துத் தைக்கச் சொல், தையல்கூலி 450. அன்றைக்குப் பூராவும் பால் கொடுக்க எழுந்து எழுந்து போகப் போகிறாள், அவளுக்குச் சிரமமில்லாமல் இருக்க வேண்டும். உனக்கு வேட்டி சட்டை 1,300. அம்மாவுக்கும் உன் மாமியாருக்கும் சின்னாளப்பட்டி சுங்குடி, ஆளுக்கு 1,100. அப்பாவுக்கும் மாமனாருக்கும் வேட்டி துண்டு ஆளுக்கு 900. இரண்டு வீட்டுக்கும் ஒரே விலையில், ஒரே கடையில் எடுத்துவிடு.

மூத்தவனுக்கு 700 ரூபாயில் நல்ல சட்டை டிராயர். நாலு வயசு. வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிலையே எட்டிப் பார்ப்பார்கள், அவன் வாசலில் நின்றுகொண்டிருப்பான். துணி எடுக்க அவனையும் கூட்டிப்போ, அவனே நிறம் சொல்லட்டும். பிறகு, பாப்பாவைத் தினமும் குளிப்பாட்ட வருகிற பாட்டிக்கு ஒரு புடவை, 600. கூலியோடு சேர்க்காதே, தாம்பூலத் தட்டில் வைத்துக் கவிதா கையால் கொடுக்கட்டும். துணி மொத்தம் 10,500.

வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பையை ஆள் கணக்கில் பார்க்காதே, குடும்பக் கணக்கில் பார். எண்ணினால் 28 குடும்பம். சொல்லாமல் வருகிறவர்களுக்கு 7 சேர்த்து 35. ரவிக்கைத் துண்டு வேண்டவே வேண்டாம். நம் வீட்டு பீரோவிலேயே பத்து கிடக்கிறது, யாரும் தைப்பதில்லை. எவர்சில்வர் டப்பா, மூடியோடு, ஒன்று 85 ரூபாய், 35க்கு 2,975. கடையில் இரண்டு தரம் காட்டினார்கள். 60 ரூபாய் டப்பாவின் மூடியை விரலால் அழுத்தினாலே உள்வாங்குகிறது. 85 ரூபாய் டப்பா கெட்டி, சீரகமோ கடுகோ போட்டு வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். மஞ்சப்பை 50க்குக் குறைந்து அச்சடிக்க மாட்டார்களாம், ஒன்று 22 வீதம் 1,100. பையில் "பெயர் சூட்டு விழா" என்றும் தேதியும் மட்டும் போடச் சொல். பேரை அச்சுக்குக் கொடுத்துவிட்டால் நான் காதில் சொல்வதற்கு முன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். சிறுமலைப் பழம் பைக்கு இரண்டு, 560. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் 420. மொத்தம் 5,055.

மற்றவை: ஐயர் தட்சிணை 2,500, பூஜைச் சாமான் 800, வசம்பு வளையல் கருகமணி 350, சாமியானாவும் நாற்காலி மேஜையும் 2,800. பூ 1,500. நாம் வைத்திருக்கிற ஞாயிறு முகூர்த்த நாள், மல்லிகை விலை அன்றைக்கு எகிறிவிடும். அதனால் பூ மார்க்கெட்டில் மூன்று நாள் முன்னாலேயே சொல்லி விலை பேசிவை. போட்டோ அத்தை மகன் எடுக்கிறேன் என்றான், அவன் கையில் 1,000, பிரிண்ட் போட 500. இது 9,450.

தொட்டிலுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அம்மாவின் பழைய நூல் புடவையிலேயே தூளி கட்டுவோம், மேலே இரண்டு முழம் பூ போதும். வாடகை மரத்தொட்டிலில் எத்தனை வீட்டுக் குழந்தை படுத்ததோ.

எல்லாம் கூட்டினால்:

சாப்பாடு 16,950
துணி 10,500
பையும் டப்பாவும் 5,055
மற்றவை 9,450
மொத்தம் 41,955

45,000த்தில் 3,045 மிச்சம். அதைத் தொடாதே. ஆட்டோ, ஐஸ், கடைசி நிமிஷத்தில் ஓடிப்போய் வாங்குகிற தயிர், மழை வந்தால் தார்ப்பாய், எல்லாம் அதில்தான். வருகிற மொய்க்கவரை நம்பி ஒரு ரூபாய்கூட நான் எழுதவில்லை, நீயும் எழுதாதே. வந்தால் பாப்பா பேரில் போஸ்ட் ஆபீஸில் செல்வமகள் கணக்கு ஆரம்பி, 250 ரூபாய் இருந்தாலே தொடங்கலாம்.

உன் மச்சான் தாய்மாமன் சீர் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். வெள்ளி அரைஞாண் போதும் என்று நீயே போன் பண்ணிச் சொல். தங்கம் விற்கிற விலையில் அவர் வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல மாட்டார், கடன் வாங்கிப் போடுவார். கவிதா அதை நினைத்து ராத்திரி தூங்கவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

இன்னும் இரண்டு விஷயம். பெரியம்மா தேன் தொட்டு வைப்பார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, கிருமி நஞ்சாகிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். கிண்ணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்துவிடலாம், பெரியம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பேரை 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் கிடையாது. விழா முடிந்த வாரமே போய்விடு, எழுத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சமையல்காரருக்கு நாளைக்கு 1,000 அட்வான்ஸ் கொடுத்துவிடு, அந்த முகூர்த்தத்துக்கு அவரை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது. நான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மதுரையிலிருந்து வந்துவிடுவேன். நாம் இரண்டு பேரும் தூளியில் தூங்கின அந்த உத்தரத்துக் கொக்கி துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் விட்டு, அரிசி மூட்டையைக் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பார்.

அன்புடன்,
அக்கா