37,895 ரூபாய் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில்

பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்

அனுப்புநர்
கோ. முரளி,
சத்துவாச்சாரி,
வேலூர் – 632 009.

பெறுநர்
மேலாளர்,
19.06.2025 நாளிட்ட கேட்புக் கடிதத்தை அனுப்பிய வசூல் முகமை,
சென்னை.

நாள்: 07.07.2025

பொருள்: 4417 என முடியும் இருசக்கர வாகனக் கடன் கணக்கு – பாக்கி இருப்பதாகச் சொல்வதை மறுத்தல் – கணக்கு விவரமும் ஆதாரமும் கேட்டல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். 19.06.2025 தேதியிட்ட உங்கள் கடிதம் 27.06.2025 அன்று என் கைக்கு வந்தது. ஏழு நாளில் 37,895 ரூபாய் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு என்று அதில் இருக்கிறது. இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடனை 2022 பிப்ரவரியிலேயே கட்டி முடித்துவிட்டேன். இந்தப் பதிலில் உள்ள எந்த வரியையும் கடனை ஒப்புக்கொண்டதாக, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படியோ வேறு எப்படியோ, எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் கணக்கு என்று இருப்பது மூன்றே வரி. தவணை பாக்கி 19,530. தாமத வட்டி 14,235. இதர கட்டணம் 4,130. எந்த மாதத் தவணை, எந்தத் தேதியிலிருந்து வட்டி, என்ன விகிதம், எதற்கான கட்டணம் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லாததால் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

என் மாதத் தவணை 2,790 ரூபாய். 19,530ஐ அதால் வகுத்தால் மீதி இல்லாமல் 7 வருகிறது. 4,130ஐ 590ஆல் வகுத்தாலும் அதே 7. ஒரு டியூ பவுன்ஸ் ஆனால் 500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 90, ஆக 590 என்பது இந்தக் கடனில் எனக்குத் தெரிந்த கட்டணம்தான். ஆக, நான் ஏழு மாதம் டியூ கட்டவில்லை, ஏழு முறை பவுன்ஸ் ஆனது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு மாதம் எவை என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. அது சரியா தவறா என்று நீங்கள்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

கடன் வாங்கியது 2019 செப்டம்பரில், 54,000 ரூபாய். மாதம் 5ஆம் தேதி டியூ, 24 தவணை, முதல் தவணை 05.10.2019. 2020 மார்ச் வரை ஆறு தவணை என் வங்கிக் கணக்கிலிருந்து போனது. அதன்பின் ஊரடங்கு வந்தது. நான் வேலை செய்யும் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி மூடிக் கிடந்தது. 27.03.2020 அன்று ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்புக்கு அனுமதி கொடுத்து, 23.05.2020 அன்று அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். நான் கேட்டேன், கடன் கொடுத்த நிறுவனம் ஏற்றுக்கொண்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து தவணை தள்ளிப் போடப்பட்டு, கடைசித் தவணை 05.02.2022க்குப் போனது. அந்தக் குறுஞ்செய்தியின் படத்தை இணைத்திருக்கிறேன். நல்லவேளை, பழைய போனைக் கடையில் போடாமல் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 2020லிருந்து பிப்ரவரி 2022 வரை 18 தவணை. அதில் 16 வங்கிக் கணக்கிலிருந்து போனது. நவம்பர், டிசம்பர் 2020 இரண்டும் பவுன்ஸ் ஆனது உண்மை, மறைக்கவில்லை. கம்பெனி திறந்தும் பாதிச் சம்பளம், அதுவும் 5ஆம் தேதிக்கு வராது. இரண்டு முறையும் நிறுவனத்தின் ஆளே வந்து வாங்கிக்கொண்டு போனார். சத்துவாச்சாரி டீக்கடை பெஞ்சில் வைத்து, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். 08.11.2020 ஞாயிற்றுக்கிழமை 3,380 ரூபாய், 06.12.2020 ஞாயிற்றுக்கிழமை 3,380 ரூபாய். தவணை 2,790, பவுன்ஸ் கட்டணம் 590 என்று ரசீதிலேயே பிரித்து எழுதியிருக்கிறது. நிறுவனத்தின் முத்திரை, ரசீது எண், வசூலித்தவர் கையெழுத்து மூன்றும் உண்டு. டிசம்பர் ரசீதின் ஒரு ஓரத்தில் டீக்கறை இருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தள்ளிப் போட்ட ஐந்து மாதம், ரசீதில் கட்டிய இரண்டு மாதம். ஐந்தும் இரண்டும் ஏழு. உங்கள் ஏழு இதுதான் என்றால், டியூவே இல்லாத ஐந்து மாதத்துக்கு பவுன்ஸ் போட்டிருக்கிறார்கள், கையில் வாங்கிய இரண்டு மாதப் பணத்தை வரவு வைக்கவில்லை. அந்தப் பணம் எங்கே நின்றது என்பது நிறுவனத்துக்கும் அதன் ஆளுக்கும் உள்ள விவகாரம்.

ஒத்திவைத்த ஐந்து மாதத்துக்கான வட்டி என்று 3,880 ரூபாய் கேட்டார்கள். அதையும் 10.02.2022 அன்று காட்பாடி கிளையில் கட்டி, கம்ப்யூட்டர் ரசீது வாங்கியிருக்கிறேன். நான் மொத்தம் கட்டியது: வங்கி வழியாக 22 தவணை 61,380, கையில் கொடுத்தது 6,760, கிளையில் 3,880. கூட்டினால் 72,020 ரூபாய். அன்று கவுண்டரில் இருந்தவர், "முடிஞ்சுபோச்சு, என்.ஓ.சி. ஒரு மாசத்துல வரும்" என்றார். மூன்று வருஷம் தாண்டியும் வரவில்லை. கேட்கலாம் என்று போனால் அந்தக் கிளையே அங்கே இல்லை. என் ஆர்.சி.யில் அடமானப் பதிவு இன்றும் அப்படியே இருக்கிறது, வண்டியை விற்கக்கூட வழியில்லை.

ஆகவே நான் கேட்பது இவை. முதலில், நீங்கள் யார் சார்பில் வருகிறீர்கள் என்பதற்கான காகிதம். "எங்கள் வாடிக்கையாளர்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வசூலிக்க மட்டும் நியமிக்கப்பட்டவர் என்றால் என் கணக்கைக் குறிப்பிட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். கடனையே வாங்கிவிட்டவர் என்றால் அந்த மாற்று ஒப்பந்தத்தின் நகலும், எனக்கு எப்போது அறிவிப்பு கொடுத்தார்கள் என்பதும் வேண்டும். அடுத்து, நான் கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தத்தின் முழு நகல். கையெழுத்துப் போட்ட அன்று கொடுப்பதாகச் சொன்னார்கள், கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் நாளிலிருந்து இன்றுவரை பற்று வரவு காட்டும் முழுக் கணக்கு அறிக்கை. உங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்த சுருக்கம் எனக்கு வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து எடுத்து, அவர்கள் முத்திரையும் கையெழுத்தும் வைத்தது வேண்டும். 08.11.2020, 06.12.2020, 10.02.2022 ஆகிய மூன்று வரவும் அதில் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லுங்கள். 14,235 ரூபாய் வட்டிக்கு விகிதம், நாள் கணக்கு, ஒப்பந்தத்தின் எந்த விதி என்று காட்டுங்கள். ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 23.03.2021 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. தவணை தவறினால் போடும் அபராதத்தை வட்டியாக ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 18.08.2023 அன்று சொன்னது. பழைய கடன்களையும் 30.06.2024க்குள் அந்த முறைக்கு மாற்றச் சொன்னது. உங்கள் 14,235 இந்த இரண்டையும் தாண்டி எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

வழக்கு என்று எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. கடைசித் தவணை நாள் 05.02.2022. கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் 28.02.2022 வரை கழித்துவிட்ட நாட்களைக் கழித்தாலும், வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டு காலக்கெடு 2025 பிப்ரவரியோடு முடிந்தது. உங்கள் கடிதம் அதற்கு நான்கு மாதம் கழித்து வந்திருக்கிறது. காலக்கெடு முடிந்ததைச் சொல்லி நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கட்டியாகிவிட்டது என்பதுதான் என் பேச்சு. காலக்கெடு அதற்கு அப்புறம்.

போனில் பேசிய உங்கள் ஆள், "ஒரு ஐந்நூறாவது போட்டுவிடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று இரண்டு முறை சொன்னார். ஐந்நூறு அல்ல, ஐந்து ரூபாயும் போட மாட்டேன். போட்டால் நாளை அதையே காட்டி, பாக்கியை ஒப்புக்கொண்டார் என்பீர்கள்.

29.06.2025 ஞாயிறு அன்று இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இல்லை, அம்மா மட்டும் இருந்தார். அடையாள அட்டையும் இல்லை, அதிகாரக் கடிதமும் இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டு ஓனரிடம் போய், "இவர் கடன்காரர்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். 01.07.2025 காலை 7.10க்கும், 03.07.2025 இரவு 8.40க்கும் போன் வந்தது. குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கும் கம்பெனி சூப்பர்வைசருக்கும் போன் போயிருக்கிறது. அவர்கள் இருவரும் இந்தக் கடனுக்கு ஜாமீன் கொடுத்தவர்கள் அல்ல. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 12.08.2022 அன்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அழைப்புப் பதிவுகளை எடுத்து வைத்திருக்கிறேன். இனி என்னோடு தொடர்பு எழுத்தில் மட்டும் இருக்கட்டும். எழுதுவதும் தமிழில் இருக்கட்டும். கடன்காரருக்குப் புரியும் மொழியில்தான் எழுத வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதியிலேயே இருக்கிறது. உங்கள் ஆங்கிலக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன்தான் படித்துச் சொன்னான். என் பணக்கணக்கு அவன் வரை போக வேண்டிய அவசியம் இல்லை.

என் கடன் தகவல் அறிக்கையிலும் 19,530 பாக்கி என்று நிற்கிறது. அதைத் திருத்தச் சொல்லித் தனியாக மனுச் செய்திருக்கிறேன். 30 நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 26.04.2024லிருந்து நடப்பில் இருக்கிறது என்பதை நிறுவனத்துக்கும் நினைவூட்டுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் நான் கேட்ட ஆவணங்களை அனுப்புங்கள். பார்த்துவிட்டு, உண்மையிலேயே என் பக்கம் ஒரு ரூபாய் நின்றால் அதைக் கட்டத் தயார். நேரில் பேச வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாரக் கடிதத்தோடும் கணக்கு அறிக்கையோடும், முன்கூட்டி எழுதிவிட்டு வாருங்கள். ரசீதுகளின் அசலைக் காட்டுகிறேன், கையில் தர மாட்டேன். அதுவரை வசூல் நடவடிக்கைகளை நிறுத்தி வையுங்கள். கணக்கு முடிந்தது உறுதியானால் என்.ஓ.சி.யும், அடமானப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35ம் வர வேண்டும்.

இதன் நகலைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் இன்றே அனுப்புகிறேன். அவரிடமிருந்து 30 நாளில் பதில் வராவிட்டால், 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்படி cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போவேன். அதற்குப் பின்னும் தேவைப்பட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் எனக்குத் தூரம் இல்லை.

இப்படிக்கு,
கோ. முரளி

இணைப்பு (அனைத்தும் நகல்): உங்கள் 19.06.2025 கடிதம், ஒத்திவைப்புக் குறுஞ்செய்தியின் படம், 08.11.2020, 06.12.2020, 10.02.2022 ரசீதுகள், 22 தவணை போனதைக் காட்டும் வங்கிப் புத்தகப் பக்கங்கள், அழைப்புப் பதிவுகள், ஆர்.சி.