நந்தனார் கட்டுரை: திருத்தக் குறிப்பு

தம்பி,

‘பக்தி இயக்கமும் சாதியும்: நந்தனார் கதை’ என்ற உன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்போதைக்கு 50-க்கு 31. திருத்தி எழுதினால் கூடும். அதற்கான சரக்கு இதிலேயே இருக்கிறது.

மயிலாப்பூர் மாட வீதியில் அறுபத்துமூவர் உலாவைப் பார்த்தபடி தொடங்கியிருக்கிறாய். “எல்லோரும் ஒரே வரிசையில் போகிறார்கள், நந்தனார் உயிரோடு இருந்தபோது இந்த வரிசையில் நின்றிருக்க முடியுமா?” என்ற கேள்வி அருமை. அதில் கை வைக்காதே.

சிக்கல் இரண்டாம் பக்கத்தில். நந்தனாருக்கு விடுப்புத் தர மறுக்கும் வேதியர் பண்ணையார் பெரியபுராணத்தில் வருவதாக எழுதியிருக்கிறாய். சேக்கிழார் பாடிய 12ஆம் நூற்றாண்டு நூலில் அப்படி ஒருவர் இல்லை. அவரைக் கதைக்குள் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பலரும் செய்யும் தவறுதான். ஆனால் உன் வாதத்தின் பாதி அந்தப் பண்ணையார் மேல் நிற்பதால் இங்கே மதிப்பெண் குறைத்தேன். எந்தச் செய்தி எந்த நூலில் இருக்கிறது என்று பிரித்து எழுது. நிலவுடைமையாளர் ஒருவர் ஏன் பின்னால் கதைக்குள் வந்தார் என்று கேட்டால், இந்தத் தவறே ஒரு நல்ல பத்தியாகிவிடும்.

மூன்றாம் பக்கத்தில் “நந்தி விலகியதும் கோயிலுக்குள் சென்றார்” என்கிறாய். திருப்புன்கூர்ப் பாடல்களை மறுபடி படி. நந்திதான் விலகுகிறது, நந்தனார் வாயிலுக்கு வெளியே நின்றே கும்பிடுகிறார். கல் நந்தி நகர்கிறது, வாசல் வழக்கம் நகரவில்லை. “பக்தி இயக்கம் சாதியை ஒழித்தது” என்ற உன் முடிவுரை இந்தக் காட்சிக்கு முன் நிற்குமா? தில்லையில் தீயிலிருந்து முனிவர் கோலத்தில், மார்பில் வெண்ணூலோடு எழுகிறார் என்பதையும் சேர்த்து யோசி. வந்தபடியே உள்ளே போக முடியாதவருக்கு ஏன் உருவம் மாற வேண்டியிருந்தது? முடிவுரையை இங்கிருந்து எழுது.

நான்காம் பக்கத்தில் “நந்தனார் எரித்துக் கொல்லப்பட்டார்” என்பதை நடந்த செய்தியாகவே சொல்லியிருக்கிறாய். அப்படி வாசிப்பவர்கள் உண்டு, நீயும் வாசிக்கலாம். அந்தக் கருத்துக்காக மதிப்பெண் குறைக்கவில்லை. அதை வாசிப்பு என்று சொல்லாமல் வரலாறு என்று சொன்னதற்குத்தான் குறைத்தேன். “இப்பாடல்களை இவ்வாறு வாசிக்க இடமிருக்கிறது” என்று தொடங்கி, எந்தச் சொல் இடம் தருகிறது என்று காட்டு. நந்தனார் தீயில் புகுந்து எழுந்ததை அருள் என்றே நம்பி வணங்கும் அடியாருக்கும் நான்கு வரி கொடு. “மூடநம்பிக்கை” என்ற ஒற்றைச் சொல்லால் அவரைத் தள்ளிவிட்டாய். அவர் நம்புவது என்ன என்பதை அவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டு, பிறகு மறு.

ஒற்றுப்பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொண்டு வா. முதலில் இரண்டாம் பக்கம், பிறகு முடிவுரை. நேரம் இருந்தால் மற்றவை. திருப்புன்கூர்ப் பகுதியில் பாடல் புரியாவிட்டால் புதன் மதிய இடைவேளையில் துறை அறைக்கு வா, சேர்ந்து படிப்போம்.