தேயிலைப் பாக்கெட்டின் பின்பக்கம், தமிழில்

சித்தி, ஜப்பானியத் தேயிலைப் பாக்கெட்டில் உள்ளதைத் தமிழில் சொல்லச் சொல்லி நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. முதல் படத்தில் மடிப்பு விழுந்த இடத்தில் இலையின் அளவு 6 கிராமா 8 கிராமா என்று தெரியவில்லை. நல்லவேளை, மடிப்பை நீவிவிட்டு மறுபடி எடுத்து அனுப்பினீர்கள். அது 6தான்.

முதலில் ஒன்று: பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் 26.11.08 என்று இருப்பது 2008 நவம்பர் 26 இல்லை. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். அதனால் அது 2026 நவம்பர் 8. அதற்குப் பக்கத்தில் உள்ள சொல்லும் 'இதற்குப் பின் சாப்பிடக் கூடாது' என்று சொல்லவில்லை. பிரிக்காமல் வைத்தால் அதுவரை சுவை குறையாது என்பதே அதன் பொருள்.

இனி பாக்கெட்டில் உள்ளது, உள்ளபடி:

பெயர்: செஞ்சா. மூலப்பொருள்: பச்சைத் தேயிலை (ஷிசுவோகா மாவட்டத்தில் விளைந்தது). நிகர எடை: 100 கிராம்.

சுவையாகத் தயாரிக்கும் முறை (3 பேருக்கு)
தேயிலை 6 கிராம் (பெரிய கரண்டியால் 1). வெந்நீர் 170 மில்லி. வெப்பநிலை சுமார் 70 டிகிரி செல்சியஸ். ஊறும் நேரம் 2 நிமிடம்.
1. நன்றாகக் கொதித்த வெந்நீரைக் கோப்பைகளில் ஊற்றி, சுமார் 70 டிகிரிக்கு ஆற விடவும்.
2. டீ ஜாடியில் தேயிலையைப் போடவும்.
3. கோப்பைகளில் உள்ள வெந்நீரை ஜாடியில் ஊற்றி, மூடி, 2 நிமிடம் அசைக்காமல் ஊற விடவும்.
4. எல்லாக் கோப்பையிலும் நிறமும் அளவும் ஒன்றுபோல இருக்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஊற்றவும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிடவும்.
இரண்டாம் முறை: அதே இலையில் சுமார் 80 டிகிரி வெந்நீர் ஊற்றி 30 நொடி.

'சுமார்' என்ற சொல் வெப்பநிலைக்கு முன்னால் மட்டும்தான் இருக்கிறது, நேரத்துக்கு முன்னால் இல்லை. அப்படியே விட்டிருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து 2 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மூன்று பேருக்கு 170 மில்லிதானா என்று கேட்பீர்கள். அது என் பிழை இல்லை. இதைச் சின்னக் கோப்பையில் நாலு மடக்குக் குடிப்பதுதான் வழக்கம். பெரிய கரண்டி என்பது 15 மில்லி பிடிக்கும் அளவுக் கரண்டி, நம் குழம்புக் கரண்டி இல்லை.

நான் ரொம்ப யோசித்துப் போட்ட சொல் 'ஊற விடவும்'. நம் வீட்டில் டீ என்றாலே அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவதுதான். இந்த இலையை அடுப்பில் ஏற்றவே கூடாது, சித்தி. சூடு ஏற ஏறத் துவர்ப்பு அதிகமாக இறங்கும், இலையின் இனிப்பு அதில் அமுங்கிப்போகும். 70 டிகிரியைக் காட்டும் தெர்மாமீட்டர் உங்களிடம் இருக்காது, பரவாயில்லை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். கொதித்த நீரை ஒரு செம்பில் ஊற்றி, அங்கிருந்து டம்ளர், அப்புறம் இன்னொரு டம்ளர் என்று மூன்று முறை மாற்றுங்கள். இலையின் மேல் ஊற்றும்போது சரியாக இருக்கும். ஜாடிக்குப் பதில் மூடி உள்ள சின்னப் பாத்திரமும் வடிகட்டியும் போதும்.

வைத்திருக்கும் முறை
அதிக வெப்பம், ஈரம், நேரடி வெயில் படாத இடத்தில் வைக்கவும். பிற வாசனை ஏறாமல் பார்த்துக்கொள்ளவும். பிரித்த பின் காற்றுப் புகாமல் மூடி, பாக்கெட்டில் உள்ள தேதியைக் கணக்கில் கொள்ளாமல் விரைவில் பயன்படுத்தவும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரிக்கவும்.
உள்ளே இருக்கும் சிறு பை ஆக்சிஜன் உறிஞ்சி. உண்ணக்கூடியதல்ல.

வாசனை பற்றிய வரியை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் அடுக்களை அலமாரியில் பெருங்காய டப்பாவும் சாம்பார்ப் பொடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தேயிலை வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பிறகு போகாது. முன்னறை பீரோவில், நாப்தலின் உருண்டை இல்லாத தட்டில் வையுங்கள். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த உடனே பிரித்தால் குளிர்ந்த இலையில் நீர் கோத்துக்கொள்ளும், அதற்காகத்தான் குளிர்சாதனப் பெட்டி பற்றிய அந்த எச்சரிக்கை. வெளியே எடுத்து ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிட்டு, காலையில் பிரியுங்கள்.

ஓரத்தில் உள்ள சின்னச் சதுரக் குறி, வெளிப்பை பிளாஸ்டிக் என்று குப்பை பிரிப்பவர்களுக்குச் சொல்வது. அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறேன்.