ஆண்டு விழா நன்றியுரை: சித்த உக்காருங்க, பந்திக்கு வெருசா போயிரலாம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. மணி எட்டே முக்கால் ஆகுது, மெஸ் பக்கமிருந்து ஒப்புட்டு வாசம் மேடை வரைக்கும் வருது, அதனால என்னைப் பத்தி பெருசா ஒண்ணும் வேண்டாம், பேரு தாரணி, மூணாவது வருசம் பி.காம் சி.ஏ, மாணவர் மன்றச் செயலாளர். நன்றியுரைன்னு ஆங்கர் சொன்ன ஒடனே பாய்ஸ் சைடுல கடைசி நாலு வரிசை எந்திரிச்சுது, நான் பார்த்துட்டேன், சித்த உக்காருங்க சாமி. கைல மூணு பக்கத்துக்கு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. இதை அப்படியே மொய் நோட்டு வாசிக்கிற மாதிரி வாசிச்சா கீழ சோறு ஆறிப்போயிரும், மேல நீங்க தூங்கிப்போயிருவீங்க. அதனால ஒரு ஏற்பாடு. நான் பேரு சொல்லுவேன், அவங்க கையத் தூக்கிக் காட்டோணும், நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு. சாயந்தரம் வள்ளி கும்மியில தட்டுனமே, அந்தத் தட்டு. ஒருக்கா பார்த்தரலாமா? ம்ம், கேர்ள்ஸ் சைடு சுத்தமா வருது. பாய்ஸ், ஒரு தட்டுன்னா ஒரு தட்டுதானுங்க, மேளம் கிடையாது.

முதல்ல நம்ம சிறப்பு விருந்தினர், கவிதா மேடம். 2004ல இதே காலேஜ்ல பி.காம் முடிச்சவங்க, இப்ப திருப்பூர்ல சொந்தமா பனியன் யூனிட் வெச்சிருக்காங்க. அந்தியூர்ல இருந்து டவுன் பஸ்ல தொங்கிட்டு வந்து படிச்சேன்னு சொன்னாங்க, இன்னைக்கும் அந்த ரூட்டுல அதே கதைதானுங்க மேடம், பஸ்சு மட்டும் பெயிண்டு மாறியிருக்குது. மத்த விருந்தினருங்க மாதிரி கனவு காணுங்க, உழையுங்கன்னெல்லாம் சொல்லல. உங்க பேருல இருக்கற பேங்க் பாஸ்புக் உங்க கைல இருக்குதா, வீட்டுல வேற யாருகிட்டயாச்சும் இருக்குதா, கை தூக்குங்கன்னு கேட்டாங்க. கேர்ள்ஸ் சைடு அப்படியே கப்புன்னு ஆயிருச்சு. என்ற பாஸ்புக்கும் எங்க அப்பா பீரோலதான் இருக்குது, அப்பா முன் வரிசையில ரெண்டாவது சேர்ல உக்காந்திருக்காரு, வீட்டுக்குப் போயி பேசிக்கலாமுங்கப்பா. மேடம், ஆர்டர் டெலிவரி இருக்கற வாரத்துல எங்களுக்காக வந்ததுக்கு நெம்ப நன்றி. ஒரு தட்டு!

மேடமுக்கு பொன்னாடை போடல, கவனிச்சீங்களா? மடிச்சுக் குடுத்தது பவானி ஜமக்காளம், புவிசார் குறியீடு வாங்குன அதே கைத்தறி ஜமக்காளம். கடையில வாங்கலைங்க, ரெண்டாவது வருசம் ஹிஸ்டரி பூபதியோட அப்பாரு அவரே தறியில நெஞ்சது. தறிக்குழியில காலை விட்டு உக்காந்து பழகுன மனுசன், இந்த பிளாஸ்டிக் சேர்ல மூணு மணி நேரமா நெளிஞ்சுட்டு இருக்காரு. அப்பாரு, எந்திரிக்க வேண்டாமுங்க, கைய மட்டும் காட்டுங்க. அவருக்கு ஒரு தட்டு பத்தாது, ரெண்டு போடுங்க. பூபதிக்கு வேண்டாம், அவன் ஜமக்காளத்தைத் தூக்கிட்டு வந்ததோட சரி.

தாளாளர் ஐயா. பட்ஜெட் பேப்பரை கொண்டு போனப்ப டிஜே லைட்டுங்கற வரியில கண்ணாடிய ஏத்தி விட்டுப் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல, சோத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்கன்னு மட்டும் கேட்டாரு. போட்டிருந்ததை விட சேர்த்தி குடுத்தாரு. அந்த ஒப்புட்டு அவரு கணக்குல வருது, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற அதே கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான் வேணும்னு அவரே சொல்லிவிட்டது. தட்டுங்க. முதல்வர் மேடம், ஆண்டறிக்கைய இருபது பக்கத்துல இருந்து ஆறு பக்கமாக் குறைச்சு வாசிச்சாங்க, இந்த ஒரு காரியத்துக்கே தனியா ஒரு தட்டு! பாருங்க, இதுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி வருது. மேடம், அடுத்த வருசமும் இப்படியே வெச்சுக்கோங்க.

இப்ப ஒரு விசயம் கொஞ்சம் நின்னு சொல்லோணும். ஆறே கால் இருக்கும், வள்ளி கும்மி ரெண்டாவது பாட்டு ஓடிட்டிருக்கறப்ப கரண்ட் போச்சுங்களா, மைக் இல்ல, பாட்டு இல்ல, லைட் இல்ல, நாப்பது பேரு மேடையில, நான் சைடுல நின்னு கைய பெசஞ்சுட்டு இருக்கறேன், அவ்வளவுதான் எல்லாரும் எறங்கிருவாங்கன்னு பார்த்தா ஒருத்தரும் எறங்கல, கும்மி வாத்தியார் சின்னச்சாமி ஐயா கீழ இருந்தே தொண்டையத் தொறந்து பாட ஆரம்பிச்சாரு, இவங்க வாயிலயே வாங்கிப் பாடிட்டு கையத் தட்டி அடி தப்பாம ஆடுனாங்க, அப்பறம் நீங்க எல்லாரும் செல்போன் லைட்டப் போட்டுட்டு தட்டுனீங்க. கரண்ட் வந்தபொறவு அந்தப் பாட்டை மறுக்கா முதல்ல இருந்து போடட்டுமான்னு கேட்டதுக்கு ஐயா வேண்டாம்னுட்டாரு, இதுக்கு மேல நல்லா வராதுன்னாரு. சின்னச்சாமி ஐயாவுக்கும், எம்.ஏ. தமிழ் நித்யா குரூப்புக்கும் ஒரு தட்டு, நல்லா பலமா.

அதே நேரத்துல பின்னாடி நடந்தது உங்களுக்குத் தெரியாது. எலக்ட்ரீசியன் மணியண்ணன் ஜெனரேட்டருக்கு ஓடுனாரு, அது உறுமிட்டு நின்னுக்கிச்சு, டீசல் லைன்ல காத்து அடைச்சுருச்சு போல. டார்ச்சை வாயில கவ்விட்டு, ஸ்பேனர்ல நட்டைத் தளர்த்தி, கைப்பம்ப அடிச்சு அடிச்சு காத்தை வெளியேத்தி, டீசல் சுத்தமா வந்தபொறவு இறுக்கி ஸ்டார்ட் பண்ணுனாரு. வெள்ளைச் சட்டைங்க, ஆண்டு விழாவுக்குன்னு புதுசா எடுத்தது, இப்ப அது என்ன கலர்னு நீங்களே பாருங்க. அண்ணா, மேடைக்கு முன்னாடி வாங்கண்ணா. அட வாங்கண்ணா, வெக்கப்படாதீங்க. மணியண்ணனுக்கு மட்டும் எண்ணிக்கை கிடையாது, உங்க இஷ்டத்துக்குத் தட்டுங்க.

சரி சரி, போதும். ரேடியோசெட்டு பழனிச்சாமி அண்ணன், பண்ணாரி குண்டம் சீசன்ல அவரு தூங்கியே நாளாச்சு, கோயில் நோம்பில இருந்து குழாயக் கழட்டிட்டு நேரா இங்க வந்தாரு. பந்தல்காரங்க, பங்குனி வெயில்ல மதியம் பன்னெண்டு மணிக்கு சாமியானா கட்டுனாங்க. மேடைக்கு பூ அலங்காரம் பண்ணுன சத்தி பூக்காரம்மா, மல்லி வெலை ஏறுன அன்னைக்கும் பேசுன ரேட்டுக்கே குடுத்துட்டாங்க. மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணு!

ஸ்பான்சருங்க பேரு எல்லாம் எனக்குப் பின்னாடி ஸ்கிரீன்ல ஓடிட்டு இருக்குது, அரிசி ஆலை, மஞ்சள் மண்டி, ஜவுளிக்கடை, பேக்கரி, எல்லாரும் இருக்காங்க, நான் வாசிக்கறதை விட நீங்க போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சா அவங்களுக்கு நெம்ப சந்தோசமா இருக்கும். பேக்கரி அண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தை: காசுக்குப் பதிலா தேங்கா பன்னு தர்றேன்னு சொன்னப்ப யோசிச்சோம், ரிகர்சல் முடிஞ்சு ஏழு மணிக்கு பசியில கெடந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. தட்டுங்க.

ஆசிரியருங்க. இங்கதான் ஒருத்தரு பேரு விட்டாலும் திங்கக்கிழமை இன்டர்னல் மார்க்குல தெரிஞ்சுரும், அதனால எல்லா டிபார்ட்மென்டுக்கும் ஒட்டு மொத்தமா ஒரு தட்டு போட்டுட்டு, மூணு பேரை மட்டும் தனியாச் சொல்றேன். விழா ஒருங்கிணைப்பாளர் செல்வி மேடம், ராத்திரி பதினொண்ணுக்கு குரூப்புல வாய்ஸ் நோட் அனுப்பி காலைல அஞ்சுக்கு கேட்டாச்சான்னு கேப்பாங்க. பி.டி. ரவி சார், அவரு விசில் இல்லைன்னா ஒருத்தரும் லைனுக்கு வந்திருக்க மாட்டோம். தமிழ்த்துறை முருகேசன் ஐயா, அழைப்பிதழ்ல ஒற்றுப்பிழை இருக்குதுன்னு அச்சுக்குப் போனதை திருப்பி வரவெச்சாரு, அப்ப எல்லாருக்கும் கோவம், இப்ப பாருங்க, இந்த ஊருலயே பிழையில்லாத அழைப்பிதழ் நம்மளுதுதான். மூணு பேருக்கும் ஒண்ணு! ஆபீஸ் சூப்பரின்டென்ட் கோமதி மேடம், பில்லு இல்லாம நாங்க கொண்டு போன எதுக்கும் காசு தரலைங்க, ஒத்த ரூவா கூட. அவங்களுக்கும் தட்டுங்க, பயந்துட்டே தட்டுங்க.

மேடையில ஏறாதவங்க நெறைய. கேட்டுல நிக்கற என்.சி.சி பசங்க ஒரு புரோகிராம் கூட பார்க்கல. மெயின் ரோட்டுல வண்டிய ஒழுங்கு பண்ணுன போலீஸ்காரங்க. என்.எஸ்.எஸ் வாலண்டியருங்க, தண்ணி கேன் தூக்குனவங்க, ஆங்கருங்க அசோக்கும் சல்மாவும். ஒரே தட்டுல எல்லாரும்!

சரோஜாக்கா, பழனியம்மாக்கா, மேரியக்கா. நாலு மணிக்கு கூட்டி முடிச்ச ஹாலு இது. வெடிச்ச கலர் பேப்பரு இப்ப உங்க சேர் அடியில கெடக்குது, தண்ணி பாட்டில் கெடக்குது, யாரோ பாப்கார்ன் வேற கொட்டியிருக்கீங்க. இவங்களுக்கு தட்டு வேண்டாமுங்க. எந்திரிக்கறப்ப அவங்கவங்க காலடியில இருக்கறதை எடுத்துட்டு வெளிய இருக்கற நீல டிரம்முல போட்டுட்டுப் போங்க. ஆமா, பாய்ஸ் சைடும்தான்.

அப்பறம் வெளியூர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மா, அம்மிச்சி அப்பச்சி எல்லாரும். பால் கறக்கற நேரத்தை முன்னாடி தள்ளிட்டு, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, பஸ் மாறி வந்திருக்கீங்க. நீங்க இந்த விழாவுக்கு ஒறம்பரை, ஒறம்பரைய சாப்பிடாம தாட்டி விடற பழக்கம் நம்ம சீமையிலயே கிடையாது. அதனால முதல் பந்தி உங்களுக்கு. அரிசிம்பருப்பு சோறு, நெய்யி, கத்திரிக்கா பொரியல், ரசம், தயிரு, ஒப்புட்டு. மெஸ் மாஸ்டர் ஆறுமுகம் அண்ணன் இங்க இல்ல, அடுப்புகிட்ட இருக்காரு, சத்தம் அங்க கேக்கற மாதிரி ஒரு தட்டு!

கடைசியா டிரைவர் அண்ணனுங்க. சத்தி, அந்தியூர் வண்டி ஒம்போதேகாலுக்கு, நம்பியூர், கவுந்தப்பாடி வண்டி ஒம்போதரைக்கு, முதல் பந்தியில இந்த ரூட்டு பிள்ளைங்களும் உக்காந்துக்கலாம். ஹாஸ்டல் ஆளுங்க ரெண்டாவது பந்தி, உங்களுக்கு நடந்தா ரெண்டு நிமிசம், சண்டை வேண்டாம். கேர்ள்ஸ் பஸ்ல லேடி ஸ்டாப் ஒருத்தரு ஏறுன பொறவுதான் வண்டி எடுக்கோணும்னு மேடம் சொல்லியிருக்காங்க.

பேரு யாராச்சும் விட்டிருந்தா பந்தியில எனக்கு எதுத்தாப்புல வந்து உக்காருங்க, என்ற எலையில இருக்கற ஒப்புட்டு உங்களுக்கு.

எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, தேசிய கீதம். மணியண்ணா, நீங்களும் இங்கயே மேடையில நில்லுங்க.